ஃபிரிட்ஜில் வைத்த சாவி

காது மருத்துவமனையில் இருபத்தொரு வருடங்களாகக் கேட்கும் திறனைச் சோதிக்கிறவர் அவர். காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை, ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினாறு பேரைச் சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, "பீப்னு கேட்டா கை தூக்குங்க, கேக்கலைன்னா தூக்காதீங்க" என்று சொல்வார். கேட்காத பீப்புக்கும் கை தூக்குகிறவர்கள் பத்துக்கு மூன்று பேர் என்பது அவருடைய கணக்கு. தனக்குக் கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்வது மனிதனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குறும்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்வார். அதனால் அவருக்குப் பெயரே 'காது' என்றாகிவிட்டது. பதிமூன்று வருடங்களில் ஏழு குறும்படங்கள். ஏழையும் எடுத்தவர் ஒரே டைரக்டர், காதின் மனைவியின் தம்பி. மச்சானின் முதல் படத்துக்கு மைக்கைப் பிடிக்க ஆள் வராத அன்று, "மாமா, சும்மா இந்தக் கம்பைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்" என்று கூப்பிட்டதில் ஆரம்பித்தது. கம்பைப் பிடித்தவர் விடவில்லை. சொந்தமாக ஒரு ரெக்கார்டர், இரண்டு மைக், ஒரு நல்ல ஹெட்போன் வாங்கி, ஒரு கறுப்புப் பெட்டியில் அடுக்கி, வீட்டில் இருந்த ஒரே சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துக்கொண்டார். அந்தக் கீழ்த்தட்டின்மேல் அவர் மனைவிக்குப் பதிமூன்று வருடங்களாக ஒரு கண். மனைவி தையல் வேலை செய்கிறவர். துணிகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

"சத்தத்துக்கு ஒரு அலமாரி, துணிக்குக் கட்டிலுக்கு அடியில இடம். நல்ல நியாயம்" என்பார் வாரத்துக்கு ஒருமுறை.

ஏழாவது படத்தின் பெயர் 'பேசாத சாயங்காலம்'. கணவனும் மனைவியும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சமையலறையில் ஒரு சாயங்காலத்தைக் கழிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பதினோரு நிமிடம் நாற்பது வினாடி. கதையைக் கேட்டதும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. வசனமே இல்லாத படம் என்றால் எல்லாமே ஒலிதான். தட்டு வைக்கிற சத்தம், குழாய் சொட்டுகிற சத்தம், நாற்காலி நகர்கிற சத்தம். இதற்காகவே தான் பிறந்ததாக அவர் நினைத்தார். வெளியே சொல்லவில்லை.

படப்பிடிப்பு இரண்டு நாள், ஒரே வீடு. வீட்டம்மா பழகியவர். முதல் நாள் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தன் தங்கை வீட்டுக்குப் போனார். போகும்போது, "ஃபிரிட்ஜ்ல கேக் இருக்கு, தங்கச்சி நிச்சயத்துக்கு நானே செஞ்சது, மூணு அடுக்கு. தொடாம இருங்க, அது போதும்" என்றார். யாரும் தொடவில்லை.

ஆனால் ஃபிரிட்ஜ் உறுமியது. சமையலறையில் நுட்பமான சத்தங்களைப் பிடிக்க வேண்டுமென்றால் அதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் மறுபடி போட மறந்துவிடும். இதற்கு ஒலிப்பதிவுக்காரர்கள் வைத்திருக்கிற வழி ஒன்று உண்டு. ஃபிரிட்ஜை நிறுத்தியதும் தங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் சாவி வேண்டும், சாவிக்கு ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டும், திறந்தால் ஞாபகம் வந்துவிடும். காது ஏழு படங்களிலும் இதைத்தான், யாரிடமும் சொல்லாமல், செய்தார். சாவி உள்ளே இருந்தால் ஃபிரிட்ஜ் நின்றிருக்கிறது, சாவி வெளியே இருந்தால் ஓடுகிறது. இதுவே அவருடைய சட்டம்.

அன்று மாலை எல்லாம் முடிந்தபோது அவருடைய சாவி சமையல் மேடையில் இருந்தது. ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழரைக்கு எல்லோரும் அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது, வீட்டம்மா ஒரு தாம்பாளத்தைக் கையில் ஏந்தியபடி நின்றார். மூன்று அடுக்காக இருந்த கேக் ஒரே அடுக்காக, தட்டையாக, ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. மேலே எழுதியிருந்த மணமக்கள் பெயரில் மாப்பிள்ளையின் பெயரைக் காணோம். "உள்ள காலை வெச்சீங்க..." என்று ஆரம்பித்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. "என் தப்புதான்மா, நான்தான் ஆஃப் பண்ணேன்" என்று காது உடனே கைகூப்பினார். யாரும் கேட்பதற்கு முன்பே ஒத்துக்கொண்டதில் மற்றவர்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி.

இரண்டாம் நாள் படப்பிடிப்பு கேமராக்காரரின் பெரியம்மா வீட்டுச் சமையலறையில் நடந்தது. முதல் வீட்டில் பச்சைச் சுவர், இரண்டாவது வீட்டில் மஞ்சள் சுவர். படத்தில் கணவன் பச்சைச் சமையலறையில் தண்ணீர் குடிக்கத் தொடங்கி மஞ்சள் சமையலறையில் தம்ளரைக் கீழே வைக்கிறான்.

ஒன்பது வாரங்களுக்குப் பிறகு படம் நூலக அரங்கில் திரையிடப்பட்டது. நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். போட்டிக்கு அனுப்பிய இரண்டு விழாக்களிலிருந்தும் படம் திரும்பி வந்தது. அப்போதுதான் எடிட்டர் சொன்னார்: "அடுத்த படத்துக்குக் கதை பேசறதுக்கு முன்னாடி, இந்தப் படத்தைப் பத்தி ஒருநாள் உக்காந்து பேசுவோம். எது தப்பாப் போச்சு, எது சரியா வந்துச்சு, எதை மாத்தணும். மூணே கேள்வி."

எடிட்டர் முப்பத்து மூன்று வயதுப் பெண். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவர். மனிதர்கள் சிரிப்பதற்கு முந்தின வினாடியில் எப்படி இருக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறவர் ஆதலால், யாரிடமும் எளிதில் ஏமாறமாட்டார்.

"யார் நடத்துறது?" என்றார் கேமராக்காரர்.

"மாமா நடத்தட்டும். அவருதான் பேசவே மாட்டாரே" என்றார் டைரக்டர்.

அப்படித்தான் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு காதுக்கு வந்தது. இடமும் அவருடையதே. ஞாயிறு காலை பத்து மணிக்கு, மருத்துவமனை பூட்டியிருக்கும்போது, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில். டாக்டரிடம் அனுமதி கேட்டு வாங்கியிருந்தார்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நல்லதாப் போச்சு. அந்தக் கூட்டத்துல எல்லாருமாச் சேர்ந்து, தப்பு உங்க மேலதான்னு எழுதினாங்கன்னா, அந்தப் பெட்டியை யாருக்காவது குடுத்துடணும். அலமாரி எனக்கு. சரியா?"

"எழுதலைன்னா?"

"எழுதலைன்னா நான் இனிமே வாயே திறக்கமாட்டேன். ஆனா எழுதுவாங்க. நீங்கதான் கேக்கறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்ட ஆளாச்சே!"

அவர் சரி என்றார். சொன்ன பிறகு அலமாரியின் கீழ்த்தட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கூட்டம் நடத்துகிறவன் தயாராகப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். படப்பிடிப்பில் பதிவான நூற்று மூன்று ஃபைல்களையும் வரிசையாகக் கேட்டு, எந்த நேரத்தில் எது நடந்தது என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். தினமும் காலை ஆறு முதல் ஏழரை வரை. முதல் நாள் முதல் ஷாட்டுக்கே மூன்று மணி பத்து நிமிடம் போயிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் கேமரா தெரிந்ததைப் பதினொன்றாவது டேக் வரை யாரும் பார்க்கவில்லை. "விடுங்க, எடிட்ல பாத்துக்கலாம்" என்று மச்சான் சொன்னது இரண்டு நாட்களில் நாற்பத்தொரு முறை. அதையும் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஐம்பத்தெட்டாவது ஃபைலுக்கு வந்தார். அது ரூம் டோன். ஒரு அறையில் யாரும் எதுவும் செய்யாமல் இருக்கும்போதுகூட அந்த அறைக்கென்று ஒரு சத்தம் உண்டு. அதைத் தனியாக ஒரு நிமிடமாவது பதிவு செய்துவைத்தால்தான் எடிட்டர் ஒரு ஷாட்டையும் இன்னொரு ஷாட்டையும் ஒட்டும்போது நடுவில் பள்ளம் விழாது. அதற்கு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். இந்தக் குழுவால் முடியாத காரியம் உலகத்தில் அது ஒன்றுதான். ஆகவே முதல் நாள் மாலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு அவர் எல்லோரையும் வெளியே அனுப்பி, ரெக்கார்டரைச் சமையலறையில் ஓடவிட்டு, தானே வாசலுக்குப் போய், வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த கேமராக்காரரைத் தடுத்து நிறுத்தினார். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு நிமிடம் பத்து வினாடி பதிவாகியிருந்தது. போதும் என்று நிறுத்திப் பெட்டியில் வைத்துவிட்டார். கேட்டுப் பார்க்கவில்லை. பின்னாளில் எடிட்டர் "அண்ணா, நீங்க குடுத்த ரூம் டோன்ல நாலு வினாடிதான் தேறுது" என்றபோதும், வேன் கதவுச் சத்தம் விழுந்திருக்கும் என்றே நினைத்திருந்தார்.

இப்போது கேட்டார். பதிமூன்று வினாடி வேன் கதவு. பிறகு நான்கு வினாடி சுத்தமான அமைதி. பதினேழாவது வினாடியில் செருப்புச் சத்தம். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் பிரிகிற சத்தம். பாட்டில் மூடி. தண்ணீர் தொண்டையில் இறங்குகிற சத்தம், ஆறு மடக்கு. பிறகு ஒரு குரல்: "தண்ணிகூட ஜில்லுனு இல்ல." சாவிக்கொத்துக் குலுங்கல். "யாருடா இது, சாவியக் கொண்டுபோயி ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சிருக்கான்? லூசுப் பசங்க." சமையல் மேடையில் 'டங்' என்று சாவி விழுகிறது. செருப்பு கொல்லைப் பக்கமாக வெளியேறுவதோடு பதிவு முடிகிறது.

குரல் மச்சானுடையது.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு இன்னும் இரண்டு முறை கேட்டார். பிறகு மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

மனைவி கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "அவன் சின்னப் பையன்" என்றார்.

"இருபத்தொம்பது வயசு."

"எனக்குச் சின்னப் பையன்தான். நாலு பேருக்கு முன்னாடி இதைப் போட்டுக் கேக்கவெச்சு அவன் மானத்தை வாங்கினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"அப்ப பெட்டி?"

"அது வேற, இது வேற. பேச்சுன்னா பேச்சு."

ஆக, தப்பு அவர்மேல் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கிற ஒரே சாட்சியை நாலு பேருக்கு முன்னால் போடக்கூடாது. மூன்று நாள் இதையே யோசித்து, நோயாளிகளுக்கு இரண்டு முறை பீப் கொடுக்க மறந்தார். பீப் இல்லாமலேயே கை தூக்கினார் ஒருவர்.

ஞாயிறு பத்து மணிக் கூட்டத்துக்கு எடிட்டர் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வந்தார். கேமராக்காரர் பத்தே கால். ஹீரோ பத்து இருபது. அவர் பகலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்பதால் வந்ததும் எல்லோருடைய உடல்நலத்தையும் அக்கறையாக விசாரித்தார். டைரக்டர் பத்தே முக்காலுக்கு வந்து, "என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார். மனைவியாக நடித்த அம்மா வெளியூரில் இருந்ததால் ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசக் கிடைக்காத குறையை அதில் தீர்த்துக்கொண்டிருந்தார்.

காதின் குறுக்குவெட்டுப் படம் தொங்கும் சுவருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பலகை. அதில் அவர் மூன்று கட்டம் போட்டு, 'தப்பு', 'சரி', 'மாத்தணும்' என்று எழுதினார். பிறகு தன் தாளைப் பார்த்து, எந்த நாளில் என்ன நடந்தது என்பதை மட்டும் நேரத்தோடு வாசித்தார். முதல் நாள் திட்டமிட்ட ஷாட் இருபத்திரண்டு, எடுத்தது பதினான்கு. மூன்று மணி பத்து நிமிடம். பச்சைச் சுவர், மஞ்சள் சுவர். நாற்பத்தொரு முறை.

"இதெல்லாம் எண்ணினீங்களா மாமா?" என்றார் டைரக்டர். "கலைன்னா ஒரு ஓட்டம் இருக்கும். எண்ணக்கூடாது."

"அந்த ஓட்டத்தை வெட்டினது நான். எண்ணட்டும்" என்றார் எடிட்டர். எல்லோருக்கும் சின்னத் துண்டுச் சீட்டுகள் கொடுத்தார். "பத்து நிமிஷம், யாரும் பேசக்கூடாது. ஒரு சீட்டுக்கு ஒரு விஷயம். தப்புல ஆளைப் பத்தி எழுதக்கூடாது, நடந்ததை மட்டும் எழுதணும்."

பத்து நிமிட மௌனம் மூன்றாவது நிமிடத்தில் உடைந்தது. "ஆளை எழுதக்கூடாது, டிபார்ட்மென்ட்டை எழுதலாமா?" என்று கேட்டார் ஹீரோ.

சீட்டுகளைப் பலகையில் ஒட்டி எண்ணியபோது, 'தப்பு' முப்பத்தொன்று, 'சரி' பத்தொன்பது, 'மாத்தணும்' இரண்டு. 'சரி' பத்தொன்பதில் பதினான்கு, அவரவர் தம்மைப் பற்றித் தாமே எழுதியவை. கேமராக்காரர் 'வெளிச்சம் பிரமாதம்' என்று மூன்று சீட்டு எழுதியிருந்தார். ஹீரோ ஒரே சீட்டில் 'கண்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

"யார் கண்ணு?" என்றார் கேமராக்காரர்.

"படத்தைப் பாத்தவங்களுக்குத் தெரியும்."

"படம் பாத்த நாப்பத்து மூணு பேர்ல பதினோரு பேர் உங்க சொந்தக்காரங்க."

"மீதி முப்பத்திரெண்டு பேர் பாலிசிதாரர்களா?" என்றார் எடிட்டர். ஹீரோ அதை மறுக்கவில்லை.

டைரக்டரின் 'சரி' சீட்டுகளில் முதலாவது: 'கடிகாரம். என் யோசனை.'

இந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேறிய அந்த நான்கு வினாடி அமைதியை எடிட்டர் திரும்பத் திரும்ப ஒட்டிப் பதினோரு நிமிடத்துக்கு இழுத்திருந்தார். அந்த நான்கு வினாடிக்குள், அப்போதுதான் அணைத்த விளக்கின் தகரம் ஆறும்போது எழுந்த 'டிக்' ஒன்று மெலிதாக விழுந்திருந்தது. ஆகவே படம் முழுவதும் நான்கு வினாடிக்கு ஒரு 'டிக்'. நூலக அரங்கில் ஒரு பெரியவர் எழுந்து, "கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடிகாரம் இருக்கே, அதுதான் இந்தப் படத்தோட மூணாவது பாத்திரம்" என்று கண் கலங்கினார். டைரக்டர் மேடையில் தலையைச் சாய்த்து, "அது காலம் சார். திட்டமிட்டு வெச்சது" என்றார். காது அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, எந்தக் கடிகாரம் நான்கு வினாடிக்கு ஒருமுறை அடிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"கடிகாரத்தை எந்தக் கட்டத்துல போடறது அண்ணா?" என்று எடிட்டர் அவரைப் பார்த்தார்.

"ரெண்டுலயும்" என்றார் அவர்.

பிறகு 'தப்பு' கட்டத்துக்கு வந்தார்கள். முப்பத்தொன்றில் ஒன்பது சீட்டு ஒரே விஷயம். 'ஃபிரிட்ஜ்.' ஒன்றில் 'ஃபிரிட்ஜ் (சவுண்ட் டிபார்ட்மென்ட்)' என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது. கேக் போனது, வீடு போனது, பச்சை மஞ்சளானது, விழா திருப்பி அனுப்பியது, எல்லாவற்றுக்கும் ஆணிவேர் அங்கே இருந்தது.

"ஆணிவேரைப் பிடிச்சாச்சு. பெருசா வளர்த்தவேண்டாம். ஒண்ணு எழுதிக்கோங்க: ஃபிரிட்ஜ், சவுண்ட். 'மாத்தணும்'ல என் சீட்டு இருக்கு பாருங்க" என்றார் டைரக்டர்.

இரண்டு 'மாத்தணும்' சீட்டுகளில் ஒன்று, 'எல்லாரும் இன்னும் கவனமா இருக்கணும்.' எடிட்டர் அதைக் கிழித்துவிட்டார். "இது மாத்தம் இல்ல, வேண்டுதல். யாரு, என்ன, எப்ப? அப்படி இருந்தாத்தான் ஒட்டுவேன்."

மற்றது டைரக்டருடையது: 'அடுத்த படத்துக்கு ஸ்பாட்டில் ஒலிப்பதிவு வேண்டாம். டப்பிங்கில் பாத்துக்கலாம்.'

பலகைக்கு முன்னால் பேனாவோடு நின்றவருக்குக் கை நகரவில்லை. பெட்டி அலமாரியைவிட்டு எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த துணிகளெல்லாம் அந்த இடத்துக்கு நடந்து போவது கண்ணில் தெரிந்தது.

"எழுதுங்க மாமா. உங்க மேல கோபம் இல்ல. வயசாகுது, மறதி வரும், சகஜம்" என்றார் டைரக்டர் பெருந்தன்மையாக.

"எழுதறதுக்கு முன்னாடி ஏன்னு கேக்கணும். மாத்தற மாதிரி ஒண்ணு கையில கிடைக்கிற வரைக்கும் கேக்கணும்" என்றார் எடிட்டர். "ஃபிரிட்ஜ் ஏன் மறுபடி ஓடல?"

"மறந்துட்டாரு" என்றார் கேமராக்காரர்.

"மறக்காம இருக்க எதுவும் செய்யலையா அண்ணா?"

"செஞ்சேன். ஆஃப் பண்ணதும் என் வண்டிச் சாவியை உள்ள வெச்சேன். எப்பவும் அப்படித்தான்."

எடிட்டர் கையிலிருந்த பேனாவை மெதுவாக மேஜைமேல் வைத்தார். டைரக்டர் தன் செல்போனை எடுத்துப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"அப்ப சாவி எப்படி வெளிய வந்துச்சு?"

"அவரே எடுத்து வெச்சிருப்பாரு" என்றார் டைரக்டர்.

காது பேனாவை மூடினார். மூன்று நாளாகப் பிடிபடாத வழி அவருக்கு எதிரே நான்கடி தள்ளிக் கண்ணாடிக் கதவோடு நின்றது. தினமும் பதினாறு பேரை அவர் உட்காரவைக்கிற அறை.

"மச்சான், இப்படி வா. உன் காதைக் கொஞ்சம் பாக்கணும்."

"என் காதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, ஒரு நிமிஷம் பத்து வினாடி. உக்காரு."

அக்காவின் கணவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. டைரக்டர் எழுந்து போய் உள்ளே உட்கார்ந்தார். காது ஹெட்போனை மாட்டிவிட்டு, கனமான கதவைச் சாத்தி, ரெக்கார்டரின் கம்பியை வெளியிலிருந்து செருகினார். "தெரிஞ்ச சத்தம் கேட்டா கை தூக்கு" என்று மைக்கில் சொல்லிவிட்டு ஐம்பத்தெட்டாவது ஃபைலை ஓடவிட்டார்.

வெளியே இருந்த மூவருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. இரட்டைக் கண்ணாடி வழியாக முகம் மட்டும் தெரிந்தது. முதலில் அலட்சியம். பிறகு சலிப்பு. பதினேழாவது வினாடியில் புருவம் சற்று ஏறியது. தண்ணீர் குடிக்கிற இடத்தில், தன்னையறியாமல் தொண்டை ஏறி இறங்கியது. பிறகு வாய் பாதி திறந்து அப்படியே நின்றது. காதுமடல்கள் சிவந்தன. கண்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்து, அவர்களுக்குக் கேட்கிறதா என்று அளந்து, கேட்கவில்லை என்று தெரிந்து ஆறுதலடைந்து, காதின் முகத்தைப் பார்த்து மறுபடி வாடின. வலது கை முழங்கை வரை எழும்பி, தூக்குவதா வேண்டாமா என்று ஆடியது.

"அடடா, என்ன நடிப்பு! ஒரு வசனம் இல்ல. இதை எடுத்திருக்கணும்" என்றார் கேமராக்காரர்.

"கண்ணு பரவாயில்ல" என்று ஒத்துக்கொண்டார் ஹீரோ.

எடிட்டர் காதின் பக்கம் சாய்ந்து மெதுவாக, "ஐம்பத்தெட்டா அண்ணா?" என்றார்.

அவர் தலையசைத்தார்.

"நான் அன்னைக்கே கேட்டேன். சாவி எதுக்கு ஃபிரிட்ஜுக்குள்ளன்னு தெரியாததால குப்பைன்னு வெட்டிட்டேன். நாலு பேருக்கு முன்னாடி போட்டிருக்கலாமே?"

"வீட்ல சொல்லி அனுப்பியிருக்காங்க."

கண்ணாடி அறையில் கை முழுவதும் மேலே போயிற்று.

டைரக்டர் வெளியே வந்து யாரையும் பார்க்காமல் பலகைக்குப் போனார். 'ஃபிரிட்ஜ் (சவுண்ட் டிபார்ட்மென்ட்)' சீட்டில் 'சவுண்ட்' என்பதை அடித்தார். கொஞ்சம் யோசித்து, மேலே 'டைரக்‌ஷன்' என்று எழுதினார். "சாவியை வெளிய எடுத்தது டைரக்‌ஷன் டிபார்ட்மென்ட்ல ஒருத்தர்" என்றார்.

"டைரக்‌ஷன்ல நீங்க ஒருத்தர்தானே?" என்றார் ஹீரோ.

"டிபார்ட்மென்ட்டுதான் எழுதலாம்னு முடிவாச்சு" என்றார் டைரக்டர். ஆனால் திரும்பி, "மன்னிச்சிருங்க மாமா" என்று சொன்னார். குரல் தாழ்ந்து வந்தாலும் காதுக்குத் தெளிவாகக் கேட்டது.

"என் தப்பும் ஒண்ணு இருக்கு, எழுதிக்கோங்க" என்றார் காது. "ரூம் டோனை அங்கேயே ஹெட்போன்ல கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். கேக்கும் பிழைச்சிருக்கும்."

அதற்குப் பிறகு ஆச்சரியமான ஒன்று நடந்தது. கேமராக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் கேமரா தெரிந்ததை நான்காவது டேக்கிலேயே பார்த்துவிட்டதாகவும், சொல்ல வெட்கப்பட்டு ஏழு டேக் சும்மா இருந்ததாகவும் சொன்னார். ஹீரோவும் ஏதோ ஒத்துக்கொள்ள வாயெடுத்து, யோசித்துப் பார்த்து, தன்னிடம் ஒன்றும் இல்லை என்றார்.

பன்னிரண்டே முக்காலுக்கு 'மாத்தணும்' கட்டத்தில் ஐந்து வரிகள் இருந்தன. ஒரு நாளைக்குப் பதினைந்து ஷாட்டுக்கு மேல் கிடையாது, பொறுப்பு டைரக்டர். முதல் டேக்கை எல்லோரும் நின்று பார்த்த பிறகே இரண்டாவது, பொறுப்பு கேமராக்காரர். ரூம் டோனைக் கடைசியில் அல்ல, மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே போகும்போது எடுத்து அங்கேயே கேட்க வேண்டும், பொறுப்பு காது. வீட்டம்மாவுக்கு வரும் ஞாயிறுக்குள் புதுக் கேக்கோடு நேரில் போய் மன்னிப்பு, பொறுப்பு டைரக்டர். ஐந்தாவது வரியை எடிட்டர் தன் கையால் எழுதினார்: 'இனிமேல் ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டியது டைரக்டரின் வண்டிச் சாவி.'

"என் சாவி எதுக்கு?"

"உங்க சாவியை யாராவது வெளிய எடுத்தா நீங்க சும்மா இருக்கமாட்டீங்க" என்றார் எடிட்டர்.

கடிகாரம் 'சரி' கட்டத்திலேயே நின்றது. எப்படி வந்தது என்று வெளியே சொல்வதில்லை என ஏகமனதாக முடிவாயிற்று. ஸ்பாட்டில் ஒலிப்பதிவு வேண்டாம் என்ற சீட்டைக் காணோம். டைரக்டரின் சட்டைப் பையில் அதன் ஓரம் தெரிந்தது.

கலைவதற்கு முன் காது ரெக்கார்டரை மேஜைமேல் வைத்தார். "ஒரு பயிற்சி. முப்பது வினாடி. யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது." ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். சுவரில் காதின் குறுக்குவெட்டுப் படம். தூரத்தில் லிஃப்ட் எங்கோ ஒரு மாடியில் முனகியது.

"முடிஞ்சுதா?" என்றார் டைரக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கையை நீட்டினார். அவர் கூட்டக் குறிப்பைக் கொடுத்தார். நான்கு பக்கம். மனைவி ஒரு வரி விடாமல் படித்தார். 'டைரக்‌ஷன்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"போட்டுக் கேக்கவெச்சீங்களா?"

"அவனுக்கு மட்டும்."

"நாலு பேருக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். மூணு பேர் பாத்தாங்க. ஒருத்தருக்கும் கேக்கல. கண்ணாடி அறை."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போய், அலமாரிக்கென்று எடுத்து அடுக்கிவைத்திருந்த துணிகளை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "கேக்கை நானே செஞ்சு தரேன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க. அவன் வாங்கினா அதுலயும் ஏதாவது பண்ணுவான்" என்றார்.

அவர் ரெக்கார்டரை எடுத்து அன்றைய ஃபைலுக்குக் குறிப்பு எழுதினார். 'ரூம் டோன். மருத்துவமனைக் கூடம். சுத்தமானது இருபத்திரண்டு வினாடி.' அதற்குக் கீழே, இதற்கு முந்தைய அதிகபட்சம் நான்கு என்றும் எழுதி, பெட்டியை அலமாரியின் கீழ்த்தட்டில், இருந்த இடத்திலேயே வைத்தார்.